இரு பக்கமும் சமம். விடை மட்டும் தவறு

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் தேர்வில் கூட்டாளி சேர்ப்புக் கணக்கை எழுதி முடிக்கும் மாணவர் கடைசியில் பார்ப்பது ஒன்றைத்தான். இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா? ஒத்துவந்துவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய தவறு, இரு பக்கத்தையும் சமமாக வைத்துக்கொண்டே உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு கூட்டாளிக்குச் சேர வேண்டிய பணம் இன்னொருவர் முதல் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும், கூட்டுத்தொகையோ மாறாது.

அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க, தேர்வில் வருவது போன்ற ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

மாலதியும் குமரனும் ஓர் எண்ணெய் மில்லின் கூட்டாளிகள். இலாபத்தை 3:2 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். மாலதியின் முதல் 1,50,000 ரூபாய், குமரனின் முதல் 1,00,000 ரூபாய். பொதுக் காப்பில் 30,000 ரூபாய் இருக்கிறது. கடனீந்தோருக்குத் தர வேண்டியது 40,000 ரூபாய். சொத்துகள் பக்கத்தில் கட்டடம் 1,40,000, இயந்திரம் 60,000, சரக்கிருப்பு 40,000, கடனாளிகள் 50,000, ரொக்கம் 30,000. இரு பக்கமும் 3,20,000 ரூபாய்.

இப்போது ரஹீம் கூட்டாளியாகச் சேர்கிறார். முதலாக 80,000 ரூபாயும், நற்பெயரில் தன் பங்குக்கு உரிய தொகையும் ரொக்கமாகக் கொண்டுவருகிறார். இனி மூவரின் இலாபப் பகிர்வு விகிதம் 2:1:1.

எதற்காக மறுமதிப்பீடு?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 31-ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இருக்கும் கூட்டாளிகள் அனைவரும் சம்மதிக்காமல் புதியவரைச் சேர்க்க முடியாது. அப்படிச் சேர்பவர், தான் வருவதற்கு முன் நடந்த செயல்களுக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். பழைய கடனுக்குப் புதியவர் பொறுப்பில்லை என்றால், பழைய ஆதாயத்திலும் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. கணக்கில் அதைக் காப்பதுதான் மறுமதிப்பீடு.

நம் கணக்கில் கட்டடத்தின் இன்றைய மதிப்பு 1,70,000 ரூபாய். ஏட்டில் இருப்பதைவிட 30,000 கூடுதல். இயந்திரத்தின் மதிப்பை 10 சதவீதம் குறைக்க வேண்டும், அது 6,000. சரக்கிருப்பு 36,000 தான் பெறும், 4,000 குறைகிறது. கடனாளிகள் மீது 5 சதவீதம் வாராக்கடன் ஒதுக்கு வேண்டும், அது 2,500. ஏட்டில் ஏறாத கூலி பாக்கி 2,500 இருக்கிறது.

மறுமதிப்பீட்டுக் கணக்கில் உயர்வு வரவுப் பக்கம் போகும். குறைவும் புதிய பொறுப்பும் பற்றுப் பக்கம் போகும். வரவு 30,000. பற்று 15,000. மிச்சம் 15,000 ரூபாய் இலாபம். இது ரஹீம் வருவதற்கு முன் விளைந்தது. ஆகவே பழைய விகிதமான 3:2-இல் மாலதிக்கு 9,000, குமரனுக்கு 6,000.

பொதுக் காப்புக்கும் இதே நியாயம்தான். முந்தைய ஆண்டுகளில் எடுக்காமல் விட்டுவைத்த இலாபம் அது. 30,000 ரூபாயில் மாலதிக்கு 18,000, குமரனுக்கு 12,000.

இதுவரை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. இங்கே நடக்கும் தவறுகள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். கூலி பாக்கியை மறுமதிப்பீட்டுக் கணக்கில் எழுதிவிட்டுப் புதிய இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் எழுத மறந்தால், சரியாக 2,500 ரூபாய் இடிக்கும். வாராக்கடன் ஒதுக்கைக் கடனாளிகளிலிருந்து கழிக்க மறந்தாலும் அப்படியே.

நற்பெயரில்தான் வழுக்கல்

மில்லின் கடந்த மூன்று ஆண்டு இலாபம் 28,000, 32,000, 30,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30,000. சராசரி இலாபத்தின் 2 ஆண்டுகள் கொள்முதல் அளவில் நற்பெயரை மதிப்பிடச் சொன்னால், 60,000 ரூபாய். ரஹீமின் பங்கு நான்கில் ஒன்று. எனவே அவர் கொண்டுவர வேண்டியது 15,000.

இந்த 15,000 யாருக்கு? பழைய கூட்டாளிகளுக்கு என்பது சரி. எந்த விகிதத்தில் என்பதுதான் கேள்வி. பலர் பழக்கத்தில் 3:2 என்று போட்டு, மாலதிக்கு 9,000, குமரனுக்கு 6,000 என்று எழுதிவிடுவார்கள்.

இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்று யோசித்தால் தவறு புரியும். மறுமதிப்பீட்டு இலாபமும் பொதுக் காப்பும் நேற்றைய ஆதாயம். அவை நேற்றைய விகிதத்தில் பிரிகின்றன. ரஹீம் தரும் 15,000 நாளைய இலாபத்துக்கான விலை. இனிமேல் வரப்போகும் இலாபத்தில் தமக்கு இருந்த ஒரு பகுதியைப் பழையவர்கள் அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தாரோ, அவருக்கு அந்த அளவில் பணம் சேர வேண்டும். அதுதான் தியாக விகிதம். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தால் தியாகம் கிடைக்கும்.

மாலதியின் பழைய பங்கு 3/5, புதிய பங்கு 2/4. வித்தியாசம் 1/10, அதாவது 2/20. குமரனின் பழைய பங்கு 2/5, புதிய பங்கு 1/4. வித்தியாசம் 3/20. தியாக விகிதம் 2:3. பழைய விகிதத்தை அப்படியே திருப்பிப் போட்டது போல வந்துவிட்டது. ஆகவே 15,000 ரூபாயில் மாலதிக்கு 6,000, குமரனுக்கு 9,000. சிறிய பங்கு வைத்திருந்த குமரன்தான் அதிகம் இழக்கிறார். அதிகம் பெறுபவரும் அவரே.

முதல் கணக்குகளை முடித்தால் மாலதிக்கு 1,83,000, குமரனுக்கு 1,27,000, ரஹீமுக்கு 80,000. இவற்றோடு கடனீந்தோர் 40,000, கூலி பாக்கி 2,500 சேர்த்தால் 4,32,500. மறுபக்கம் கட்டடம் 1,70,000, இயந்திரம் 54,000, சரக்கிருப்பு 36,000, ஒதுக்கு போகக் கடனாளிகள் 47,500, ரொக்கம் 1,25,000. அதுவும் 4,32,500.

இப்போது தவறான விகிதத்தில் பிரித்தவரின் விடைத்தாளைப் பாருங்கள். மாலதிக்கு 1,86,000, குமரனுக்கு 1,24,000. இருவர் முதலும் சேர்ந்து அதே 3,10,000. இருப்புநிலைக் குறிப்பு அதே 4,32,500. குமரனின் 3,000 ரூபாய் மாலதியிடம் போய்விட்டது. கூட்டல் அதைச் சொல்லவே சொல்லாது.

தவறு பழகும் விதம்

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நிறையக் கணக்குகளில் புதிய விகிதம் தரப்படுவதில்லை. புதியவருக்கு நான்கில் ஒரு பங்கு என்று மட்டும் சொல்லியிருக்கும். அப்போது மீதி 3/4 பங்கைப் பழையவர்கள் தங்கள் பழைய விகிதத்திலேயே வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். தியாகமும் தானாகவே 3:2 ஆகிவிடும். இப்படிப் பல கணக்குகளைப் போட்டுப் பழகிய கை, புதிய விகிதம் தனியாகத் தரப்பட்ட கணக்கிலும் பழைய விகிதத்தையே எழுதுகிறது.

தப்பிக்க ஒரு சோதனை போதும். பழையவர்களின் தியாகங்களைக் கூட்டிப் பாருங்கள். 2/20, 3/20 இரண்டும் சேர்ந்தால் 5/20, அதாவது 1/4. ரஹீமின் பங்கும் அதுவே. கூட்டுத்தொகை புதியவரின் பங்குக்குச் சமமாக வராவிட்டால் தியாகக் கணக்கில் எங்கோ பிழை. இந்த வரியை விடைத்தாளில் எழுத வேண்டியிருந்தால், தியாகத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். பழைய விகிதத்தை யோசிக்காமல் போட்டுவிட முடியாது.

சில கணக்குகளில் கழித்தலின் விடை எதிர்மறையாக வரும். புதிய விகிதம் 5:1:2 என்று இருந்தால், மாலதியின் பங்கு 3/5-லிருந்து 5/8 ஆக உயர்கிறது; 1/40 ஆதாயம். குமரன் இழப்பதோ 11/40. அப்போது குமரனுக்கு 60,000 ரூபாயில் 11/40 பங்கு, அதாவது 16,500 சேர வேண்டும். ரஹீம் தரும் 15,000 போக, மீதி 1,500 மாலதியின் முதல் கணக்கில் பற்று வைத்து ஈடுசெய்யப்படும். பழையவராக இருப்பதாலேயே மாலதி பெறுபவர் ஆகிவிடமாட்டார்.

ரஹீம் நற்பெயருக்கு ரொக்கம் கொண்டுவராத கணக்கும் வரும். அப்போது 15,000 ரூபாயை அவர் முதல் கணக்கில் பற்று வைத்து, மற்ற இருவருக்கும் தியாக விகிதத்தில் வரவு வைக்க வேண்டும். நற்பெயரை ஒரு சொத்தாகப் புத்தகத்தில் எழுதி வைக்கக் கூடாது. விலை கொடுத்து வாங்காத நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் தரநிலை 26 இடம் தருவதில்லை. ஏற்கெனவே ஏட்டில் நற்பெயர் இருந்தால், அதைப் பழைய விகிதத்தில் பழையவர்களிடமே போக்கெழுத வேண்டும். அது நேற்றையது.

இரண்டும் ஒரே நியாயம்

மறுமதிப்பீடு செய்யாமலே ரஹீமைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? பின்னர் ஒருநாள் கட்டடத்தை 1,70,000 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் இலாபம் அன்றைய விகிதமான 2:1:1-இல் பிரியும். ரஹீமுக்கு 7,500 போய்விடும். 18,000 பெற வேண்டிய மாலதிக்கு 15,000; 12,000 பெற வேண்டிய குமரனுக்கு 7,500. மாலதியின் இழப்பு 3,000, குமரனின் இழப்பு 4,500. அதாவது 2:3, அதே தியாக விகிதம். பங்கை விட்டுக்கொடுத்த அளவுக்கே இழப்பும் விழுகிறது. அந்த இழப்பைப் பழைய மதிப்பில் தடுப்பது மறுமதிப்பீடு. வரப்போகும் இலாபத்தில் ஈடுசெய்வது நற்பெயர்த் தொகை.

தேர்வு எழுதுபவர் ஒவ்வொரு தொகையையும் பிரிப்பதற்கு முன் அது நேற்றையதா நாளையதா என்று கேட்டு, எந்த விகிதத்தில் பிரிக்கிறோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. உண்மையில் தொழில் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். புதிய விகிதத்தை ஒப்பாவணத்தில் எழுத்தில் வையுங்கள். விகிதம் பற்றி ஒப்பந்தமே இல்லையென்றால், கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி எல்லாருக்கும் இலாபத்தில் சம பங்கு.