கோணம் சொல்லும் கணக்கு

செய்திக் களஞ்சியம் ஒன்றில் ஒருவர் ‘மழை வெள்ளம்’ என்று தேடுகிறார். அதில் இரண்டே கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஆற்றங்கரைக் கிராமத்தில் நீர் புகுந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி. மற்றொன்று, மழையால் தடைபட்ட டெஸ்ட் போட்டியைப் பற்றிய நீண்ட கட்டுரை. எதை முதலில் காட்டுவது? கணினிக்கு வாசிக்கத் தெரியாது, எண்ணத்தான் தெரியும்.

எனவே மழை, வெள்ளம், கிரிக்கெட் ஆகிய மூன்று சொற்களும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, அதே வரிசையில் எழுதிக்கொள்கிறார்கள். குறுஞ்செய்தி (3, 2, 0) ஆகிறது. கிரிக்கெட் கட்டுரை (4, 3, 12). தேடல் (1, 1, 0). இப்படி வரிசையாக நிற்கும் எண்களுக்கு வெக்டர் என்று பெயர். ஆவணங்களை வெக்டர்களாகப் பார்க்கும் இந்த வழியை 1960களிலிருந்து வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரார்ட் சால்டன். அவரும் வோங், யாங் என்ற இருவரும் 1975இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இத்துறை மாணவர்கள் படிக்கும் ஒன்று.

இரண்டு வெக்டர்களை ஒப்பிட எளிய வழி புள்ளிப் பெருக்கல். நேருக்கு நேர் நிற்கும் எண்களைப் பெருக்கி, விடைகளைக் கூட்ட வேண்டும். தேடலுக்கும் குறுஞ்செய்திக்கும் 3 + 2 + 0, அதாவது 5. கிரிக்கெட் கட்டுரைக்கோ 4 + 3 + 0, அதாவது 7. கிரிக்கெட் கட்டுரை முந்திவிட்டது!

காரணம் எளிது. நீளமான கட்டுரையில் எல்லாச் சொற்களும் கூடுதலாகவே வரும். குறுஞ்செய்தியை அப்படியே இரண்டு முறை ஒட்டினால் அது (6, 4, 0) ஆகி, பெருக்கலும் 5இலிருந்து 10 ஆகிவிடும். செய்தியில் புதிதாக ஒரு சொல்கூடச் சேரவில்லை, மதிப்பெண் மட்டும் இரட்டித்துவிட்டது.

இதைச் சரிசெய்யப் புள்ளிப் பெருக்கலை இரு வெக்டர்களின் நீளங்களாலும் வகுக்கிறார்கள். நீளம் காணப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்: ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிரிக்கெட் கட்டுரைக்கு 16 + 9 + 144 = 169, எனவே நீளம் 13. குறுஞ்செய்தியின் நீளம் ஏறத்தாழ 3.61, தேடலின் நீளம் 1.41. வகுத்துப் பார்த்தால் குறுஞ்செய்திக்கு 0.98 கிடைக்கிறது, கிரிக்கெட் கட்டுரைக்கு 0.38 மட்டுமே. இரட்டித்து ஒட்டிய செய்திக்கும் அதே 0.98தான். இந்த எண், இரு வெக்டர்களுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பு. ஒரே திசையில் நின்றால் 1, செங்கோணத்தில் நின்றால் 0.

செங்கோணம் என்பதில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மழை’ என்று தேடினால் ‘மழையால்’, ‘மழையில்’ என்பவை கணினிக்கு வேறு வேறு சொற்கள். அவை மட்டுமே உள்ள செய்திக்கு 0தான் கிடைக்கும். வேற்றுமை உருபுகளைப் பிரித்துவிட்டு எண்ணினால்தான் தமிழில் இந்தக் கணக்கு உருப்படும்.

ஆட்களை ஒப்பிடவும் இதே முறைதான். ஒருவர் மூன்று படங்களுக்கு (5, 3, 1) என்று நட்சத்திரம் தருகிறார், இன்னொருவர் அதே படங்களுக்கு (1, 3, 5). ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் புள்ளிப் பெருக்கல் 19, நீளங்களின் பெருக்கம் 35, கொசைன் 0.54. எதிரும் புதிருமான இருவரைப் பாதி ஒத்தவர்களாக இந்த எண் காட்டுகிறது. நட்சத்திரங்களில் குறை எண் இல்லாததால் வரும் கோளாறு இது.

தீர்வு, அவரவர் சராசரியைக் கழித்துவிடுவது. இருவருக்கும் சராசரி 3. கழித்தால் (2, 0, -2), (-2, 0, 2). இப்போது கொசைன் சரியாக -1, முழு எதிர். இன்னொரு நன்மையும் உண்டு. மதிப்பெண் போடுவதில் கறாரான மூன்றாமவர் (3, 2, 1) என்று தந்திருந்தால், சராசரி 2 போக (1, 0, -1). முதலாமவரோடு அவருக்கு 1, முழு ஒற்றுமை. சராசரியைக் கழித்து எடுக்கும் கொசைன்தான் புள்ளியியலில் பியர்சன் ஒட்டுறவு எனப்படுகிறது. இணையச் செய்திகளைப் பரிந்துரைக்க 1994இல் வெளிவந்த குரூப்லென்ஸ் ஆய்வும் இதைத்தான் கையாண்டது.

கொசைனை நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. இருவர் சேர்ந்து பார்த்தது ஒரே ஒரு படம், அதற்கு ஒருவர் 5, மற்றவர் 1 தந்திருக்கிறார்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 5ஐ 5ஆல் வகுக்க, விடை 1. முழு ஒற்றுமையாம்! நீளத்தை வகுத்து எறியும்போது, எவ்வளவு சான்று இருந்தது என்பதும் கூடவே போய்விடுகிறது. ஆகவே ஒப்புமை எண்ணைப் பார்ப்பவர்கள், அது எத்தனை பொதுப் படங்களிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு மூன்று படங்களிலிருந்து வந்த 1ஐ விட, ஐம்பது படங்களிலிருந்து வந்த 0.8 நம்பத் தகுந்தது.