இரவு 2.20: சர்க்கரை 48

இன்சுலினை நாம் 'யூனிட்' கணக்கில் போடுகிறோம். அந்த யூனிட் பிறந்தது முயலின் உடலில். 1922இல் டொரன்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் போட்ட காலத்தில், தயாரித்த மருந்தின் வீரியத்தை அளக்க வேறு வழி இல்லை. 24 மணி நேரம் பட்டினி கிடந்த இரண்டு கிலோ முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இறக்கத் தேவைப்பட்ட அளவை ஒரு யூனிட் என்றார்கள். முயலுக்கு வலிப்பு வரக்கூடிய எல்லை அது. பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கே யூனிட் என்று மாற்றினார்கள். ஆக, இந்த மருந்தின் அளவுகோலே தாழ்சர்க்கரையை வைத்துத்தான் உருவானது.

நம் கணையம் சுரக்கும் இன்சுலின் இப்படி ஆளைக் கவிழ்ப்பதில்லை. சர்க்கரை 80ஐ ஒட்டி இறங்கும்போதே கணையம் சுரப்பைக் குறைத்துவிடும். இன்னும் இறங்கினால் குளுக்ககான், அட்ரினலின் இரண்டும் வெளிவந்து, கல்லீரலில் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டச் செய்யும். ஊசியில் போன இன்சுலினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தோலுக்கடியில் இருந்து அது பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருக்கும். நோயாளி சாப்பிட்டாரா, வாந்தி எடுத்தாரா என்று அதற்குத் தெரியாது. குளுக்கோஸைச் சேமித்து வைக்கத் தெரியாத மூளைதான் முதலில் தடுமாறும்.

வார்டில் 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் அது மூளையைத் தொடும் தாழ்வு. அடுத்தவர் உதவியில்லாமல் மீள முடியாத நிலை என்றால், எண் எதுவாக இருந்தாலும் அது கடுமையானது.

வார்டுகளில் அடிக்கடி நடக்கக்கூடிய ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 64 வயது அம்மா. காலில் புண்ணுக்காக அனுமதிக்கப்பட்டவர். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு மெட்டோப்ரோலால் மாத்திரையும் உண்டு. இரவு 7.30க்கு 18 யூனிட் போட்டாகிவிட்டது. ஆன்டிபயாட்டிக்கால் குமட்டல் இருந்ததால் மூன்று இட்லியில் ஒன்றைத்தான் சாப்பிட்டார். நள்ளிரவு தாண்டி மகள் ஓடிவந்து சொல்கிறார்: "சிஸ்டர், அம்மா என்னமோ உளறுறாங்க, நைட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு."

கை நடுக்கமோ படபடப்போ இல்லை. மெட்டோப்ரோலால் அவற்றை அமுக்கிவிடும், வியர்வையை அமுக்காது. அதனால் இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று வியர்த்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். வயதானவர்களிடம் உளறலும் எரிச்சலும்கூட அறிகுறிகளே. சிலருக்கு ஒரு பக்கக் கை கால் விழுந்து பக்கவாதம் போலவே இருக்கும். சர்க்கரை ஏறியதும் சரியாகிவிடும்.

மீட்டர் 48 காட்டுகிறது. அடுத்த கேள்வி ஒன்றுதான்: பத்திரமாக விழுங்குவாரா? இந்த அம்மா எழுப்பினால் உட்காருகிறார், ஒரு வாய்த் தண்ணீரை இருமாமல் விழுங்குகிறார். ஆகவே 20 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். தலைதட்டி அளந்தால் ஐந்து டீஸ்பூன். சாக்லேட்டும் பாலும் இந்த நேரத்துக்கு உதவாது. அவற்றின் கொழுப்பு இரைப்பையில் தங்கித் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரையும் சரிவராது. அதைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதியையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். வென்ஃப்ளான் இருந்தால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அதில் 25 கிராம் இருக்கிறது. ஏற்றும் முன் வென்ஃப்ளான் நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இவ்வளவு அடர்த்தியான திரவம் வெளியே கசிந்தால் தசையும் தோலும் வெந்துபோகும். நரம்பு கிடைக்காவிட்டால், குளுக்ககான் இருந்தால், ஒரு மில்லிகிராம் தசை ஊசி. இன்சுலின் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

வாய்வழி கொடுத்த பிறகு 15 நிமிடம் காத்திருப்பதுதான் கடினம். குளுக்கோஸ் இரைப்பையைக் கடந்து சிறுகுடலில் உறிஞ்சப்பட அவ்வளவு நேரமாகும். அதற்குள் பதறி, ஜூஸ், மறுபடி குளுக்கோஸ், இனிப்பு என்று கொடுத்தால் விடிகாலையில் சர்க்கரை 300ஐத் தாண்டும். அதைப் பார்த்து யாராவது கூடுதல் இன்சுலின் எழுதுவார்கள். மதியம் மறுபடியும் தாழ்வு வரும்.

மறுபரிசோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. குளுக்கோஸ் டம்ளரைப் பிடித்த விரலில் ஒட்டியிருக்கும் துகள் போதும், மீட்டர் பொய்யாக மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, டம்ளர் பிடிக்காத கையில் குத்துவது நல்லது. டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் ஓடும் கையில் குத்தவே கூடாது.

அன்றிரவு அட்டவணையில் எழுதப்பட்டது இது:

| நேரம் | சர்க்கரை | நிலை | கொடுத்தது |
|---|---|---|---|
| 2.20 | 48 | வியர்வை, உளறல். விழுங்குகிறார் | குளுக்கோஸ் 20 கிராம் |
| 2.35 | 62 | பேச்சு தெளிவு, வியர்வை உண்டு | குளுக்கோஸ் 15 கிராம் |
| 2.50 | 91 | பெயர், இடம் சரியாகச் சொல்கிறார் | பால், மூன்று பிஸ்கட் |
| 3.50 | 104 | தூங்குகிறார், எழுப்பினால் பேசுகிறார் | ஒன்றுமில்லை |
| 6.00 | 118 | இயல்பு | ஒன்றுமில்லை |

2.50க்கு 91 வந்ததும் நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும். 30/70 கலவையில் பெரும்பங்கான என்பிஹெச் இன்சுலின் நான்கு முதல் பத்து மணி நேரம் வரை உச்சத்தில் வேலை செய்யும். 7.30க்குப் போட்டது 2.50க்கும் உச்சத்தில்தான் இருக்கிறது. குளுக்கோஸோ சீக்கிரம் கரைந்துபோகும். அதனால்தான் பாலும் பிஸ்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை குத்துவதும்.

இந்த வரிசைகளின் கீழே 'காரணம்' என்று ஓர் இடம் உண்டு. பல வார்டுகளில் அதுதான் காலியாகக் கிடக்கும், எனக்கு அது மிகவும் வருத்தமான இடம். ஏனென்றால் இரவு 2.20க்கு நடந்தது அப்போது தொடங்கியதல்ல. இங்கே காரணத்தைத் தேட மூன்று தாள்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மருந்துத் தாளில் 7.30க்கு 18 யூனிட். உணவுத் தாளில் 8.00க்கு ஓர் இட்லி. ஆய்வகத் தாளில் இரண்டு நாளாக ஏறிவரும் கிரியாட்டினின். சிறுநீரகம் சோர்ந்தால் இன்சுலின் உடலைவிட்டு வெளியேறத் தாமதமாகும்; நேற்றுவரை பொருந்திய அளவு இன்று அதிகமாகிவிடும்.

இன்னொன்றையும் அந்த இடத்தில் எழுதியாக வேண்டும்: எந்தக் குப்பி, எந்த சிரிஞ்ச். இந்தியாவில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் மருந்தும் இரண்டுமே புழங்குகின்றன. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால், கோடு 18ஐக் காட்டும்போது உள்ளே போவது 45 யூனிட். சிவப்பு மூடியா ஆரஞ்சு மூடியா என்று பார்த்தால் இது அங்கேயே பிடிபடும். இந்த அம்மாவுக்கு இரண்டும் பொருந்தியே இருந்தன.

காலையில் டாக்டர் வரும்போது எளிதாகத் தோன்றும் முடிவு, இன்சுலினையே நிறுத்திவிடுவது. முதல் வகை நீரிழிவுக்காரருக்கு அது கீட்டோன் அமில நிலையில் கொண்டுபோய் விடலாம். மற்றவர்களுக்கும் புண் ஆறாது. இந்த அம்மாவுக்கு இரவு அளவை 18இலிருந்து 14 ஆக்கினார்கள். காலை அளவையும் கிரியாட்டினினை வைத்துக் குறைத்தார்கள். குமட்டலுக்கு மருந்து எழுதினார்கள். மருந்துத் தாளில் டாக்டர் ஒரு வரி சேர்த்தார்: தட்டு வந்து, சாப்பிட ஆரம்பித்த பிறகே ஊசி, பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டால் கூப்பிடவும், இரவு 2 மணிக்குத் தவறாமல் சர்க்கரை பார்க்கவும்.