ஓய்வெடுத்தும் ஆறாத குதிகால் வலி

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பும் வலியும் இருக்கும். கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறையும், மறுநாள் காலை மறுபடி வரும். ஓடுகிறவர்களுக்கும் தாண்டுகிறவர்களுக்கும் மாதக்கணக்கில் தொடரும் தொல்லை இது. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் ஓரிடம் தடித்திருக்கும், அழுத்தினால் வலிக்கும்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் இருக்கும் இடம் அது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை அது தாங்குகிறது. ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டினால், ஒழுங்காக அடுக்கியிருக்கும் அதன் கொலாஜன் இழைகள் குலைந்து நாண் தடிக்கிறது. நாள்பட்ட வலிக்கு வீக்கம் முதன்மைக் காரணமல்ல என்பதால், வீக்க மாத்திரைகள் வலியை மட்டுப்படுத்துவதோடு சரி. நாணின் நடுப்பகுதி இளமைப் பருவத்துக்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் தசையும் நாணும் மேலும் பலமிழக்கும். பழைய தூரத்தை ஓடிய மறுநாளே வலி திரும்புவது இதனால்தான்.

ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கும் இதே வலி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு மேலதிகாரி சம்மதிக்கவில்லை. நாண் அறுந்தால் சம்மதித்துத்தானே ஆக வேண்டும் என்று அதன்மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது! 1998-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் இப்பயிற்சியைச் செய்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் உதவியோடு குதிகால்களை உயர்த்த வேண்டும். பிறகு நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கும் காலின் குதிகாலை மட்டும் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். எளிதானால் முதுகுப்பையில் எடை சேர்க்கலாம். நாளும் இவ்வளவு முடியாதவர்களுக்கு, வாரம் மூன்று நாள் அதிக எடையோடு மெதுவாக ஏற்றி இறக்கும் முறையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 2015-இல் வந்த டென்மார்க் ஆய்வு சொல்கிறது.

பயிற்சியில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு ஐந்தைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். காலை விறைப்பு நாளுக்கு நாள் கூடினால் பாரத்தைக் குறையுங்கள். வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் தரையில் நின்று செய்யுங்கள். படிக்குக் கீழே இறக்கினால் நாண் எலும்பில் நசுங்கும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘படக்’கென்று உணர்ந்து, அந்தக் கால்விரல்களில் எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.