மைக் முன்னாடி 20 செகண்ட்!

காணும் பொங்கல் சாயங்காலம். மெரினாவுல மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். நீங்க என்.எஸ்.எஸ். பேட்ஜ் குத்திக்கிட்டு, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல போலீஸ் போட்டிருக்கிற பந்தல்ல வாலன்டியரா உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. பலூன்காரர் ஒருத்தர் ஒரு குட்டிப் பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றார். அஞ்சு வயசு இருக்கும். பச்சை கவுன். அழுது அழுது முகமே வீங்கிப் போச்சு. கையில போன் நம்பர் எழுதின பட்டை இல்லை. (காணும் பொங்கலுக்கு வர்ற குழந்தைகளுக்குப் போலீஸே கட்டிவிடுற பட்டைதான். கூட்டத்துல எல்லாருக்கும் கிடைச்சிடுறதில்லையே!) இன்ஸ்பெக்டர் உங்க பக்கம் திரும்பி, ''தம்பி, மைக்ல சொல்லுப்பா''ங்கறார்.

என்ன சொல்வீங்க?

முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்போம்: ''அவசரம் அவசரம்! ஒரு பெண் குழந்தை காணாமல் போய் அழுதுகொண்டிருக்கிறது! பெயர் அம்மு, அப்பா பெயர் இன்னது, கழுத்தில் செயின் போட்டிருக்கிறது, உடனே ஓடி வரவும்!''

இதுல ஒவ்வொரு வார்த்தையும் வம்பு. 'அவசரம்', 'காணாமல்' ரெண்டும் கடல் பக்கத்துல காதுல விழுந்தா பெத்தவங்க மனசு நேரா அலைக்குத்தான் போகும். பந்தலுக்கு வர வேண்டியவங்க தண்ணியை நோக்கி ஓடுவாங்க. தன் குழந்தை பக்கத்துலயே நிக்கிற அம்மாக்கள்கூட பதறிப்போய் எழுந்திருப்பாங்க. நெரிசல்ல இன்னும் நாலு குழந்தைங்க கை விட்டுப் போகும். அதைவிட ஆபத்து, பேரு, அப்பா பேரு, செயின் எல்லாத்தையும் ஊருக்கே சொல்லிட்டீங்க. தப்பான ஆள் ஒருத்தன் வந்து, ''என் பொண்ணு சார், பேரு அம்மு''ன்னு சொன்னா எதை வெச்சு மடக்குவீங்க?

அதனால மைக்கைத் தொடுறதுக்கு முன்னாடி குழந்தைகிட்ட குனிஞ்சு உட்காருங்க. தண்ணி கொடுங்க. என்ன பேசுதுன்னு கேளுங்க. நம்ம பொண்ணு விடாம ''நான்ன... நான்ன...''ன்னு தேம்புது. பக்கத்துல இருக்கிற நண்பர், ''நான் நான்னு என்னவோ சொல்லுது, மேல வரமாட்டேங்குது''ங்கறார். கொஞ்சம் பொறுங்க! 'அம்மா' தமிழ்லயும் தெலுங்குலயும் அம்மாதான். ஆனா தெலுங்குல அப்பாவுக்கு 'நான்ன'. பாப்பா அப்பாவைக் கேட்குது. நெல்லூர்ல இருந்தோ சித்தூர்ல இருந்தோ வந்த குடும்பமா இருக்கலாம், நம்ம சென்னையிலேயே தெலுங்கு பேசுற வீடாவும் இருக்கலாம். ஆக, அறிவிப்பு தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் போகணும். எந்த ரெண்டு மொழிங்கறதை முடிஞ்சவரை குழந்தையே முடிவு பண்ணட்டும்.

இப்போ பேப்பர்ல எழுதுங்க. மனசுல வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க, உளறிடுவோம்.

''தயவுசெய்து கவனிக்கவும். ஒரு பெண் குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வயது சுமார் ஐந்து. பச்சை நிற கவுன். பெற்றோர், லைட் ஹவுஸ் பக்கம் உள்ள போலீஸ் பந்தலுக்கு வரவும்.''

அவ்வளவுதான். நிதானமா படிச்சா 20 செகண்ட். 'கவனிக்கவும்' முதல்ல வர்றது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஸ்பீக்கர்ல முதல் ரெண்டு வார்த்தை யார் காதுலயும் ஏறாது, அதனால அந்த இடத்துல முக்கியமான சேதியை வைக்கக் கூடாது. அடுத்ததே 'பத்திரமாக'. பெத்தவங்க கேட்கத் துடிக்கிற வார்த்தை அது. இடம் கடைசியில வருது, ஏன்னா கடைசியாக் கேட்டதுதான் ஓடும்போது ஞாபகம் இருக்கும். அந்த இடமும் வெளியூர்க்காரருக்குத் தெரியணும். 'உழைப்பாளர் சிலை'ன்னா நமக்குத் தெரியும், நெல்லூர்க்காரருக்கு? சிவப்பும் வெள்ளையுமா உசந்து நிக்கிற லைட் ஹவுஸ் தூரத்துல இருந்தே கண்ணுல படும். ரெண்டு மொழியிலயும் அதே வார்த்தை வேற!

இனி தெலுங்கு:

''தயசேசி வினண்டி. ஒக பாப மா தக்கர க்ஷேமங்கா உந்தி. வயசு சுமாரு ஐதேள்ளு. ஆகுபச்ச கவுனு. தல்லிதண்ட்ருலு லைட் ஹவுஸ் தக்கர போலீஸ் பந்தலுக்கு... ஸாரி, 'பூத்'துகி ரண்டி.''

பார்த்தீங்களா, எழுதும்போதே நமக்குத் தமிழ் 'பந்தலுக்கு' ஒட்டிக்குது! அதனாலதான் தெலுங்கு தெரிஞ்ச ஒருத்தரைப் படிக்கச் சொல்லணும். கூட்டத்துல கேட்டா கண்டிப்பா ஒருத்தர் கிடைப்பார். இன்னொரு பொறியும் இருக்கு. தெலுங்குல வெறும் 'பச்ச'ன்னா பச்சையாவும் இருக்கலாம், மஞ்சளாவும் இருக்கலாம். இலைப் பச்சைக்கு 'ஆகுபச்ச', மஞ்சளுக்கு 'பசுபுபச்ச'. ஆகுன்னா இலை, பசுபுன்னா மஞ்சள். நம்ம பச்சையை அப்படியே தூக்கி வெச்சா, அம்மா 'என் பொண்ணு போட்டிருந்தது மஞ்சள் இல்லையே'ன்னு அறிவிப்பைத் தாண்டிப் போயிடலாம்.

அடுத்தது வேகம். சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடற்கரையில கம்பத்துக்குக் கம்பம் கட்டின கூம்பு ஸ்பீக்கர்கள்ல, ஒண்ணு உங்க பக்கத்துலயும் இன்னொண்ணு அதைவிட 170 மீட்டர் தள்ளியும் இருந்தா, ஒரே வார்த்தை அரை செகண்ட் இடைவெளியில ரெண்டு தடவை கேட்கும். வேகமாப் பேசினா முதல் வார்த்தையோட எதிரொலி ரெண்டாவது வார்த்தை மேல ஏறி உட்கார்ந்துடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்புறம் மனசுக்குள்ள 'ஒண்ணு' எண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க. கத்த வேண்டாம், கத்தினா ஸ்பீக்கர் கரகரங்கும். சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கும். சரியாப் போகுதான்னு தெரியணும்னா ஒரு நண்பரைக் கடைசி ஸ்பீக்கர்கிட்ட அனுப்பி, காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அவருக்கு 'சுமார் ஐந்து' புரியலைன்னா யாருக்கும் புரிஞ்சிருக்காது.

தமிழ், தெலுங்கு, மறுபடி தமிழ், தெலுங்கு. முதல் தடவை, 'ஏய், என்னவோ சொல்றாங்க'ன்னு கூட்டம் நிமிரும். ரெண்டாவது தடவைதான் கேட்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சு, ஒரு வார்த்தைகூட மாத்தாம அதையே படிங்க. மாத்தினா இது வேற குழந்தைன்னு நினைச்சுப்பாங்க. முக்கியமா, குழந்தை வாயில மைக்கை வெச்சு ''அம்மாவைக் கூப்பிடு கண்ணா''ன்னு சொல்லாதீங்க. அந்த அழுகை கடற்கரை முழுக்கக் கேட்டா, நீங்க சொன்ன 'பத்திரமாக' காத்துல போயிடும்.

ஸ்பீக்கர் எட்டாத இடமும் உண்டு. அலை ஓரத்துல நிக்கிறவங்களுக்கு இரைச்சல்தான் கேட்கும். அங்கே ஆளை அனுப்பித்தான் ஆகணும். அர்ஜென்டினா கடற்கரைகள்ல ஒரு அழகான வழக்கம் இருக்கு. தொலைஞ்ச குழந்தையை ஒருத்தர் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்க, சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் கை தட்டுவாங்க. தட்டல் எங்கே கேட்குதோ அங்கே பெத்தவங்க ஓடி வருவாங்க. அதுக்கு மொழியே வேண்டாம். ஆனா ஊருக்கே அந்த வழக்கம் தெரிஞ்சிருக்கணும். இங்கே தட்டினா ஏதோ டான்ஸ்னு நினைப்போம்!

சரி, மூச்சிரைக்க ஒருத்தர் ஓடி வந்து நிக்கிறார். ''இவதானே உங்க அம்மு?''ன்னு நீங்களே எடுத்துக் கொடுத்துடாதீங்க. குழந்தையைக் கொஞ்சம் மறைவா வெச்சுக்கிட்டு அவர்கிட்ட கேளுங்க: பேரு என்ன? கால்ல என்ன போட்டிருந்தா? போன்ல போட்டோ இருக்கா? நீங்க மைக்ல சொல்லாம வெச்சிருந்ததெல்லாம் இப்போதான் உதவுது. பதில் பொருந்தினா போலீஸ்காரர் குழந்தையைக் காட்டி, பேரு, முகவரி, கையெழுத்து வாங்கிட்டு ஒப்படைப்பார். ராத்திரி ஆகியும் யாரும் வரலைன்னா? வாலன்டியர் யாரும் பாசத்துல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போகணும். அதைப் போலீஸ் பார்த்துக்கும். பக்கத்துல போலீஸே இல்லைன்னா 112 இல்லைன்னா 1098.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு. மைக்கை மறுபடி எடுத்து, ''பச்சை கவுன் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்துவிட்டது''ன்னு ரெண்டு மொழியிலயும் சொல்லுங்க. அந்தப் பலூன்காரர் எங்கேயோ கூட்டத்துக்குள்ள நின்னு அதைக் கேட்கத்தான் காத்துக்கிட்டிருப்பார்.