பின்பக்கம் குத்தி முன்பக்கம் பூக்கும் தையல்: எல்லா வளையமும் ஒரே உயரத்தில் நிற்க என்ன வழி?

பஞ்ச் நீடில் எனப்படும் குத்தூசிப் பூத்தையலில் ஒரு விந்தை உண்டு. கையும் கண்ணும் வேலை செய்வது துணியின் பின்பக்கத்தில். பூவாக, இலையாக நூல் வளையங்கள் எழும்பி நிற்பதோ நமக்குத் தெரியாத முன்பக்கத்தில். இரண்டு மணி நேரம் குத்தி முடித்துத் துணியைத் திருப்பிய பிறகுதான், செம்பருத்தியின் ஓர் இதழ் மெத்தென்று உயர்ந்தும் மறு இதழ் தேய்ந்த துண்டுபோல் படுத்தும் கிடப்பது தெரியவரும்.

தலையணை உறையோ தேநீர்க் கோப்பைக்கான விரிப்போ செய்யத் தொடங்கும் மாணவர்கள் பலருக்கும் இது நேர்கிறது. நூல் சரியில்லை, ஊசி மலிவானது என்று பழிபோடத் தோன்றும். ஆனால், துணிக்கு அடியில் நூல் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால், திருப்பிப் பார்க்காமலேயே வளையத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

முடிச்சு இல்லாத தையல்

குத்தூசி உள்ளீடற்றது. நூல் கைப்பிடியின் மேல்முனையில் நுழைந்து, ஊசியின் குழல் வழியாக இறங்கி, நுனியில் உள்ள காது வழியே வெளியே வரும். கைப்பிடி துணியில் முட்டும்வரை ஊசியைக் குத்தி, பிறகு மேலே இழுத்தால், கீழே ஒரு வளையம் தங்கிவிடும். அடுத்த இடத்தில் மீண்டும் குத்தினால் அடுத்த வளையம்.

இந்தத் தையலில் முடிச்சு எதுவும் கிடையாது. வளையத்தைப் பிடித்து வைத்திருப்பது துணியின் இழைகள் தரும் இறுக்கமும் பக்கத்து வளையங்களின் நெருக்கமும் மட்டுமே. நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஒரு வளையத்தில் இருக்கும் நூல் எளிதாக வெளியே நழுவக்கூடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் கெடுவதற்கான காரணங்களில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

முந்தைய வளையத்திடம் வாங்கும் கடன்

ஊசி கீழே இறங்கும்போது அதற்குப் புதிய நூல் தேவைப்படுகிறது. அந்த நூல் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, கைப்பிடிக்கு மேலே உள்ள நூற்கண்டு. இன்னொன்று, சற்று முன் போட்டு முடித்த வளையம். எது எளிதாக நூலைக் கொடுக்கிறதோ அதிலிருந்தே ஊசி எடுத்துக்கொள்ளும்.

நூற்கண்டு உங்கள் முழங்கைக்கு அடியில் சிக்கியிருக்கிறது என்று வையுங்கள். மேலிருந்து நூல் வர மறுக்கிறது. உடனே ஊசி, முந்தைய வளையத்திலிருந்து நூலை உருவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இப்போது போட்ட வளையம் சரியான உயரத்தில் நிற்கும். அதற்கு முந்தையது குட்டையாகிவிடும். இதனால்தான் தவறு எங்கே நடந்தது என்று பலருக்கும் பிடிபடுவதில்லை. அவர்கள் குட்டையான வளையத்தைப் பார்க்கிறார்கள். கோளாறோ அதற்கு அடுத்த குத்தில் நடந்தது.

இதற்கு மாற்று எளியது. தொடங்கும் முன்பு கண்டிலிருந்து ஒரு கை நீள நூலை உருவி, மடியிலோ மேசையிலோ தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். அது தீர்ந்துபோகும் முன்பே அடுத்த கை நீளத்தை உருவுங்கள். நூல் ஊசிக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். காதிலிருந்து நூலை மெல்ல இழுத்தால் அது தடையின்றி வழுக்கி வரவேண்டும். தடித்த கம்பளி நூலை மெல்லிய குழலில் திணித்தால் ஒவ்வொரு குத்திலும் இந்தக் கடன் வாங்கல் நடக்கும். மிக மெல்லிய நூலாக இருந்தாலும் சிக்கல்தான். துணியின் ஓட்டை அதைப் பிடிக்காமல் நழுவவிட்டுவிடும்.

தூக்கும் கையும் சாயும் கையும்

சாதாரண ஊசியால் தைத்துப் பழகியவர்களுக்கு ஊசியைத் துணிக்கு மேலே நன்றாகத் தூக்கும் வழக்கம் இருக்கும். குத்தூசியில் அது கூடாது. நுனி துணியை விட்டு வெளியே வந்தவுடன், அதன் மேற்பரப்பை உரசியபடியே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தூக்கினால்கூட, அந்தத் தூரத்துக்கான நூல் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது வளையத்திலிருந்து வந்தால் வளையம் குட்டையாகும். கண்டிலிருந்து வந்தால் பின்பக்கத்தில் நூல் தொங்கலாகக் கிடக்கும். பின்பக்கத் தையல்கள் துணியோடு ஒட்டிப் படுத்திருக்கின்றனவா, வில்போல் வளைந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். வளைந்து நின்றால் கை அதிகம் தூக்குகிறது என்று பொருள்.

அடுத்தது சாய்வு. ஊசி துணிக்குச் செங்குத்தாக இறங்கினால்தான் கைப்பிடியின் முனை முழுவதும் துணியைத் தொடும். சாய்ந்து இறங்கினால் கைப்பிடியின் ஓர் ஓரம் முதலில் முட்டிவிடும். கை 'தொட்டுவிட்டது' என்று நினைத்து நின்றுவிடும். ஆனால், நடுவில் இருக்கும் ஊசி இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை.

எவ்வளவு குறைகிறது என்பதைப் பள்ளிக் கணிதமே சொல்லிவிடும். கைப்பிடி முனையின் அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் அதன் ஆரம் 6 மில்லிமீட்டர். சாய்வு 20 பாகை. 6 × tan 20° ஏறக்குறைய 2.2. அதாவது, 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வளையம் 8 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும்.

ஒரே சாய்வில் எல்லாவற்றையும் குத்தினால் எல்லா வளையமும் ஒன்றுபோல் குறையும், கண்ணுக்கு உறுத்தாது. சிக்கல் வளைவுகளில்தான். இதழின் ஓரத்தைச் சுற்றி வரும்போது மணிக்கட்டு திரும்பத் திரும்பச் சாய்வும் மாறுகிறது. அதனால் கையைத் திருப்பாதீர்கள், சட்டத்தைத் திருப்புங்கள். ஊசியின் திறந்த பக்கம் எப்போதும் நீங்கள் நகரும் திசையைப் பார்த்திருக்கட்டும். அப்போதுதான் நூல் ஊசிக்குப் பின்னால் தங்கும். அடுத்த குத்தில் சிக்காது.

தவில்போல் இறுகிய துணி

தொய்ந்த துணியில் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஊசி இறங்கும்போது துணியும் சேர்ந்து இறங்கும். அந்த எதிர்ப்பைக் கைப்பிடி முட்டியதாகக் கை தவறாக எடுத்துக்கொள்ளும். ஊசியை இழுக்கும்போது துணியும் கூடவே எழும்பும். நுனி எப்போது வெளியே வந்தது என்று தெரியாமல் கை கூடுதலாகத் தூக்கிவிடும். தொய்ந்த இழைகள் நூலை இறுகப் பிடிப்பதும் இல்லை.

விரலால் தட்டினால் தவில்போல் ஒலிக்கும் அளவுக்குத் துணி இறுகியிருக்க வேண்டும். சாதாரண மர வட்டச் சட்டம் குத்தக் குத்தத் தளரும். உள்வட்டத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. ஒவ்வொரு பகுதியை முடித்ததும் மீண்டும் தட்டிப் பார்த்து இறுக்குங்கள். கம்பளி நூலுக்கு மங்க்ஸ் கிளாத் எனப்படும், சீரான ஓட்டைகள் கொண்ட பருத்தித் துணி ஏற்றது.

திருப்பாமலே அளக்கும் நூல் கணக்கு

ஒவ்வொரு வளையத்துக்கும் நூல் ஒருமுறை இறங்குகிறது, ஒருமுறை ஏறுகிறது, பிறகு பின்பக்கத்தில் அடுத்த ஓட்டை வரை நடக்கிறது. ஆகவே ஒரு தையலுக்கான நூல், வளைய உயரத்தின் இரு மடங்கோடு தையலின் இடைவெளியைக் கூட்டினால் வருவது.

உங்கள் ஊசி 10 மில்லிமீட்டர் வளையம் தருகிறது, நீங்கள் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் குத்துகிறீர்கள் என்று கொள்வோம். ஒரு தையலுக்கு 25 மில்லிமீட்டர் நூல். 20 தையலுக்கு 50 சென்டிமீட்டர்.

முதல் ஒன்றிரண்டு தையல்களைப் போட்டுவிட்டு, கைப்பிடியின் மேல்முனையிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி நூலில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அளக்கும்போது நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள். பிறகு 20 முறை குத்துங்கள். புள்ளி கைப்பிடியின் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தால் கணக்கு சரி.

புள்ளி இன்னும் 8 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது என்றால், செலவான நூல் 42 சென்டிமீட்டர்தான். ஒரு தையலுக்கு 21 மில்லிமீட்டர். இடைவெளி 5 போக மீதி 16, அதில் பாதி 8. வளையங்களின் சராசரி உயரம் 10 அல்ல, 8 மில்லிமீட்டர்.

ஆனால் சராசரி என்பது ஒன்றை மறைத்துவிடும். இருபதும் 8 மில்லிமீட்டரா, அல்லது சில 10, சில 6 என்று இருக்கின்றனவா? இதை அறிய இப்போது ஒருமுறை திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். துணியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பக்கவாட்டில் விளக்கொளி விழும்படி பாருங்கள். முதல் பத்தும் சரியாக நின்று, அடுத்த பத்து 6 மில்லிமீட்டருக்குத் தாழ்ந்திருந்தால், பத்தாவது குத்துக்குப் பிறகு ஏதோ மாறியிருக்கிறது. பெரும்பாலும் தளர்வாகப் போட்டிருந்த நூல் தீர்ந்து, கண்டிலிருந்து இறுக்கமாக வரத் தொடங்கியிருக்கும். வளைவில் மட்டும் தாழ்ந்தால் சாய்வைச் சந்தேகியுங்கள். எல்லாம் ஒரே அளவில் தாழ்ந்தால் கைப்பிடி முட்டும்வரை குத்தவில்லை என்று பொருள்.

உயரம் சரியாக இருந்தும் சில இடங்கள் தாழ்ந்தாற்போல் தெரியலாம். வரிசைகளுக்கு நடுவே இடம் அதிகமாகிவிட்டால் வளையங்கள் ஒன்றையொன்று தாங்காமல் சாய்ந்துவிடும். அங்கே இன்னொரு வரிசை சேர்த்தால் போதும்.

எதைப் பிரிப்பது, எதைத் திருத்துவது

ஒரே ஒரு வளையம் மட்டும் உயர்ந்து நின்றால், பின்பக்கத்தில் அதன் நூலை இடுக்கியால் மெல்ல இழுத்து மட்டப்படுத்தலாம். கத்தரியால் வெட்டினால் வளையம் இரண்டு முனைகளாகப் பிரிந்து, கூட்டத்தில் தனியாகத் தெரியும். கத்தரி வேண்டியது நூலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டுமே. அந்த முனைகளை முன்பக்கம் கொண்டுவந்து வளையங்களின் மட்டத்துக்கு வெட்ட வேண்டும்.

குட்டையான வளையத்தை முன்பக்கத்திலிருந்து தூக்க முயல்வது பெரும்பாலும் வீண். பின்னால் தொங்கல் நூல் இருந்தால் மட்டுமே அது உயரும். இல்லையென்றால் பக்கத்து வளையத்தின் நூல்தான் வரும். நான்கைந்து வளையங்கள் தாழ்ந்துவிட்டால், ஊசியில் இருக்கும் நூலை இழுத்து அந்த இடம் வரை பிரித்துவிடுங்கள். ஊசி நுனியால் துணியை இலேசாகக் கீறினால் விரிந்த ஓட்டைகள் மூடிக்கொள்ளும். பிறகு அங்கிருந்தே மீண்டும் குத்தலாம்.

20 தையலுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தால் பிரிக்க வேண்டியது ஒரு வரிசை. வேலை முழுவதும் முடிந்த பிறகு பார்த்தால், பிரிக்க வேண்டியது ஓர் இதழ்.