வாழ்த்துவதற்கு முன் ஒரு கேள்வி! அலுவலகத் தோழி கர்ப்பம் என்று தெரிந்தால்...

கோயம்புத்தூரில் ஓர் அலுவலகம். அறுபது பேர் வேலை பார்க்கும் இடம். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணின் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்ததிலிருந்து இரண்டு முறை கழிவறைக்கு ஓடிவிட்டார். பக்கத்து இருக்கை ரேகா விடவில்லை. "என்னாச்சு கண்ணு, முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கு?"

கவிதாவுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. "ரேகாக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. ஏழு வாரம்னு டாக்டர் சொன்னாங்க" என்றார்.

ரேகாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கல்யாணமாகி நான்கு வருடமாகக் கவிதா பட்ட பாடு அவருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டின்போது மேனேஜரிடம் சொன்னார். "ஆடிட் வேலைல அவளை ரொம்ப அலையவிடாதீங்க சார்" என்ற அக்கறைதான். மாலை 4 மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜரின் பதிவு வந்தது. 'நம் கவிதா தாயாகப் போகிறார். வாழ்த்துகள்!' அதன் கீழே பூங்கொத்து, கைகூப்பல், குட்டிப் பாப்பா ஸ்டிக்கர் என்று வரிசையாக வந்து விழுந்தன.

மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை.

விடுப்பு முடிந்து வந்த முதல் நாள் லிஃப்ட்டில் மூன்றாம் மாடி ஊழியர் கேட்டார், "பாப்பா எப்படிங்க இருக்கு? வாந்தி நின்னுருச்சா?" மறுநாள் கேன்டீனில் இன்னொருவர். அடுத்த வாரம் வெளியூர் கிளையிலிருந்து போன். ஒவ்வொருவரிடமும் "இல்லைங்க, நிக்கலை" என்று கவிதாவே சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குப் பாதிச் செய்திதான் வந்து சேர்ந்திருந்தது.

மூன்று மாதக் கணக்கு எதற்கு?

'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கண்ணேறு பயம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம். ஆனால், மருத்துவக் கணக்கும் அதனோடு ஒத்துப்போகிறது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுவதால், வீட்டில் பரிசோதனை செய்து இரண்டு கோடு தெரியும்போதே நான்கைந்து வாரம் ஆகியிருக்கும். ஆகவே, மகிழ்ச்சியும் நிச்சயமின்மையும் சேர்ந்தே இருக்கும் காலம் ஏழெட்டு வாரம் நீள்கிறது.

அதற்குப் பிறகும் சிலர் காத்திருப்பார்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் உண்டு. குழந்தையின் உறுப்புகள் சரியாக வளர்கின்றனவா என்று பார்க்கும் விரிவான ஸ்கேன் ஐந்தாம் மாதத்தில்தான் வரும். முன்பு ஒரு முறை இழந்தவர்கள் அதுவும் நல்லபடியாக முடியட்டும் என்று நினைப்பது இயல்பு.

அலுவலகத்துக்கு எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எட்டாவது வாரமே எல்லோருக்கும் சொல்லி மகிழ்கிறவர் உண்டு. ஆறு மாதம் வரை துப்பட்டாவால் மறைத்துக்கொள்பவரும் உண்டு. இரண்டுமே சரிதான்.

கேட்க வேண்டிய அந்தக் கேள்வி

கவிதா வாய்விட்டுச் சொன்ன அந்த நிமிடம் ரேகா வேறு எதுவும் செய்திருக்க வேண்டாம். "ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்று கையைப் பிடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "இது வேற யாருக்காவது தெரியுமா, இல்லை நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமா?"

இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே எல்லாம் தெளிவாகிவிடும். "மேனேஜருக்கு மட்டும் சொல்லியிருக்கேன்" என்றால் மேனேஜரோடு நிறுத்திக்கொள்ளலாம். "யாருக்கும் தெரியாது" என்றால் கணவரிடம்கூடச் சொல்லாமல் இருக்கலாம், அவரும் அதே வட்டாரத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால். "எல்லாருக்கும் சொல்லிக்கலாம்க்கா" என்றால் அப்போதும் குரூப்பில் போடும் உரிமை அவருக்கே. அவர் பதிவிட்ட பிறகு கீழே வாழ்த்துவதுதான் முறை.

ரேகாவின் கவலை ஆடிட் வேலையைப் பற்றியது. அதைக்கூடக் கவிதாவிடமே கேட்டிருக்கலாம். "வெளியே போற வேலையை நான் பார்த்துக்கட்டுமா? காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், மாத்திக்கிட்டோம்னு சொல்லிக்கலாம்." உதவியும் நடந்திருக்கும், ரகசியமும் நின்றிருக்கும்.

சொல்லாதவரை யூகிக்காதீர்கள்

காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்துகிறார், அடிக்கடி விடுப்பு எடுக்கிறார், தளர்வான உடை உடுத்துகிறார். நம் அலுவலகங்களில் உடனே ஒரு கேள்வி பிறக்கும். "என்ன, ஏதாவது விசேஷமா?"

கேட்டவருக்கு அது வெறும் விசாரிப்பு. எதிரே இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்கடி எடுத்த விடுப்பு குழந்தையின்மை சிகிச்சைக்காக இருக்கலாம். வயிறு தெரிவது தைராய்டு பிரச்னையாலோ, கர்ப்பப்பைக் கட்டியாலோ இருக்கலாம். உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தால்கூட, அந்தக் கேள்வி அவரை இரண்டில் ஒன்றுக்குத் தள்ளுகிறது. பொய் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல நினைக்காத நாளில் சொல்ல வேண்டும்.

வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டால் தண்ணீர் கொடுங்கள். "கொஞ்ச நேரம் உட்காருங்க, போனை நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். காரணம் தெரியாமலே செய்யக்கூடிய உதவிகள் இவை.

வாழ்த்தில் எதைத் தவிர்க்கலாம்?

அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இனி வாழ்த்த வேண்டியதுதான். "நல்ல செய்தி, ரொம்ப சந்தோஷம். உடம்பு எப்படி இருக்கு?" இவ்வளவு போதும். அதற்கு மேல் சேர்ப்பவைதான் பெரும்பாலும் சங்கடம் தருகின்றன.

'முகம் பளபளன்னு இருக்கு, பொண்ணுதான்', 'வயிறு கூர்மையா இருக்கு, பையன்தான்' என்று ஜோசியம் சொல்வது ஒன்று. வயிற்றின் வடிவத்துக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதே நம் நாட்டில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதோடு, இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருப்பவரிடம் "இதாவது பையனா இருக்கட்டும்" என்று சொன்னால், வீட்டில் இருக்கும் மூத்த மகளையும் சேர்த்துக் குறைத்துப் பேசியதாகிவிடும்.

"ஆறு மாசம் ஜாலிதான், சம்பளத்தோட லீவு" என்பது இன்னொன்று. விளையாட்டாகச் சொன்னாலும், மற்றவர்கள் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் போகிறோமோ என்ற குற்ற உணர்ச்சியை அது விதைக்கும். 26 வார விடுப்பு 2017 முதல் சட்டம் தந்திருக்கும் உரிமை.

மூன்றாவது, வாழ்த்தும்போதே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "அடுத்து நீங்கதான்!" என்பது. கல்யாணமாகிப் பல வருடமாகக் காத்திருக்கும் தோழி அந்த இடத்தில் சிரித்துத்தான் ஆக வேண்டும். அவர் அன்றைக்குச் சீக்கிரமாகவே வீட்டுக்குக் கிளம்பினால் ஏன் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

ஏழாம் மாதம் ஆபீஸிலேயே வளைகாப்பு நடத்தும் வழக்கம் இப்போது பல இடங்களில் இருக்கிறது. ஐந்து வகைச் சாதம், கண்ணாடி வளையல், போட்டோ என்று அழகான நிகழ்ச்சிதான். திடீர் விருந்தாக வைக்காமல் இரண்டு வாரம் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் சொந்தத்தில் வளைகாப்பு நடக்கும் முன் வெளியில் வளையல் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சிலருக்குப் போட்டோ ஸ்டேட்டஸில் போவது பிடிக்காது. 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

மேனேஜர் கவனத்துக்கு...

விடுப்புக்கும் வேலைப் பங்கீட்டுக்கும் மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் தெரிய வேண்டியிருக்கும். அது அலுவல் தகவல். சம்பளச் சீட்டைப் போல அந்த இரண்டு மேஜைகளைத் தாண்டக் கூடாது. "டீமுக்கு எப்போ, யார் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அக்கறை என்ற பெயரில் கேட்காமலே முக்கியமான பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுவதும் தவறு.

கர்ப்பம் கலைந்தால் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 1961-ல் மகப்பேறு நலச் சட்டம் வந்தபோதே இருக்கும் உரிமை இது. பலருக்குத் தெரியாததால் நான்கைந்து நாளில் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் போதும் என்பதை மேனேஜரே தனியாகச் சொல்லலாம். மற்றவர்களிடம் 'உடல்நலம் சரியில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

சொன்னவரே மீதியையும் சொல்லட்டும்

கவிதாவின் விஷயத்தில் செய்தி ஏற்கெனவே பரவிவிட்டது. அப்படியானால் இனி என்ன செய்யலாம்?

அவர் திரும்பி வரும் முன் ரேகா ஒரு போன் செய்து கேட்கலாம். "நீ வர்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் நான் சொல்லிடட்டுமா கண்ணு? யாரும் உன்கிட்ட வந்து கேட்க மாட்டாங்க." அவர் சரி என்றால், செய்தியை முதலில் பரப்பிய மேனேஜரும் ரேகாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நேரிலோ போனிலோ ஒவ்வொருவரிடமும் இரண்டு வரி சொல்லலாம். "கவிதாவுக்குக் கரு தங்கலை. திங்கட்கிழமை வர்றாங்க. அவங்களா பேசினா ஒழிய அதைப் பத்திக் கேட்க வேண்டாம்." வெளியூர் கிளையையும் மூன்றாம் மாடியையும் விட்டுவிடக் கூடாது.

நேரில் பார்க்கும்போது, "கேள்விப்பட்டேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்பது போதும். "வண்டில வந்தியா?", "பப்பாளி சாப்பிட்டியா?" என்று விசாரணை வேண்டாம். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் தானாக நின்றுபோனவை. அவர் செய்த எதனாலும் வந்ததல்ல. "சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்" என்ற ஆறுதலும் வேண்டாம். அவர் இழந்தது இந்தக் குழந்தையை.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கவிதா காபி வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரேகா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். நான்கு மாதம் முடிந்த பிறகு ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கவிதா மெதுவாகச் சொல்கிறார்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு. யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான்க்கா."

"சரி. சாப்பிடு" என்கிறார் ரேகா.