மெய் அட்டவணை வழிச் சரிபார்ப்பு: நீரேற்றும் மோட்டார் ஓர் எடுத்துக்காட்டு

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு தொட்டிகள் இருப்பது வழக்கம். ஒன்று, தரைக்குக் கீழே உள்ள தொட்டி. மக்கள் இதனைச் ‘சம்ப்’ என்பர். மற்றொன்று மாடியில் உள்ள மேல்தொட்டி. ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரி நீரோ முதலில் சம்பில் சேர்கிறது. அங்கிருந்து மோட்டார் அதனை மேலே ஏற்றுகிறது. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்ட 2019-ஆம் ஆண்டுக் கோடையில், பல குடியிருப்புகளின் சம்புகள் அடுத்த லாரி வரும்வரை வெறுமையாகவே கிடந்தன. வெற்றுச் சம்பிலிருந்து மோட்டார் ஓடினால், அதனைக் குளிர்விக்கவும் உயவிடவும் நீர் இராது. முதலில் தண்டைச் சுற்றியுள்ள நீர்க்காப்பு சூடேறிக் கெடும். தொடர்ந்து ஓடினால் கம்பிச்சுருளும் கருகக்கூடும். ஆகவே, மோட்டார் எப்போது ஓடலாம் என்பதைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும்.

சுவிட்சுகளின் திறப்பையும் மூடலையும் பூலின் இயற்கணிதத்தால் எழுதலாம் என்பதைக் கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். அம்முறையில் மூன்று மாறிகளை எடுத்துக்கொள்வோம். சம்பில் போதிய நீர் இருந்தால் A = 1. மேல்தொட்டி நீர் பாதிக்குக் கீழே இறங்கினால் B = 1. காவலர் படிக்கட்டின் அடியிலுள்ள சுவிட்சை அழுத்தியிருந்தால் C = 1. முதலிரண்டு செய்திகளையும் தொட்டிகளில் தொங்கும் மிதவைச் சுவிட்சுகள் தருகின்றன. சம்பில் நீர் இருக்கும்போது, மேல்தொட்டி குறைந்திருந்தாலோ காவலர் சுவிட்சை அழுத்தியிருந்தாலோ மோட்டார் ஓட வேண்டும். ஓட வேண்டிய நிலைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினால் பின்வரும் கோவை கிடைக்கும்:

```
F = A·B'·C + A·B·C' + A·B·C
```

இதை அப்படியே சுற்றாக அமைக்க, மூன்று உள்ளீடுகள் கொண்ட மூன்று ‘உம்’ வாயில்களும், இரண்டு ‘இல்லை’ வாயில்களும், விடைகளைச் சேர்க்கும் ‘அல்லது’ வாயில்களும் தேவைப்படும். சுருக்கினால் வேலை எளிதாகும். தன்னடுக்கு விதிப்படி A·B·C என்னும் உறுப்பை இருமுறை எழுதிக்கொள்ளலாம், மதிப்பு மாறாது. ஒன்றை A·B·C' உடன் சேர்த்தால் A·B கிடைக்கும். மற்றொன்றை A·B'·C உடன் சேர்த்தால் A·C கிடைக்கும்.

```
F = A·B + A·C = A·(B + C)
```

இப்போது ஓர் ‘அல்லது’ வாயிலும் ஓர் ‘உம்’ வாயிலும் போதும். ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும் 7432, 7408 என்னும் இரு சில்லுகளில் தலா ஒரு வாயிலே இதற்குச் செலவாகும்.

சுருக்கம் சரியா என்பதை விதிகளை மீண்டும் படித்துப் பார்த்து அறிவது கடினம். ஒருமுறை தவறவிட்ட பிழையைக் கண் மறுமுறையும் தவறவிடும். அடைப்புக்குறியை மறந்து, விடையை A·B + C என ஒரு மாணவர் எழுதிவிட்டதாகக் கொள்வோம். விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை இது. பெருக்கல் முதலில், கூட்டல் பின்னர் என்னும் வரிசை பூலியன் கோவைக்கும் பொருந்துவதால், அடைப்புக்குறி போனதும் A-யின் பிடி C-யை விட்டு விலகிவிடுகிறது. மூன்று கோவைகளையும் ஒரே மெய் அட்டவணையில் இட்டுப் பார்ப்போம். மாறிகள் மூன்று என்பதால் நிரைகள் எட்டு.

```
A B C |  F | A·(B+C) | A·B+C
0 0 0 |  0 |    0    |   0
0 0 1 |  0 |    0    |   1
0 1 0 |  0 |    0    |   0
0 1 1 |  0 |    0    |   1
1 0 0 |  0 |    0    |   0
1 0 1 |  1 |    1    |   1
1 1 0 |  1 |    1    |   1
1 1 1 |  1 |    1    |   1
```

F நிரலும் A·(B+C) நிரலும் எட்டு நிரைகளிலும் ஒத்திருக்கின்றன. எனவே அவை சமானக் கோவைகள். A·B+C இரண்டாம் நிரையிலும் நான்காம் நிரையிலும் மாறுபடுகிறது. அவ்விரு நிரைகளையும் சொற்களாகப் படித்தால் பிழையின் பொருள் விளங்கும்: சம்பில் நீர் இல்லை, காவலர் சுவிட்சை அழுத்துகிறார், மோட்டார் ஓடுகிறது. நாம் தவிர்க்க விரும்பிய நிலையே இது. பிழை இருக்கிறது என்பதோடு, அது எந்தச் சூழலில் வெளிப்படும் என்பதையும் மாறுபடும் நிரை காட்டிவிடுகிறது.

தவறான கோவை எட்டில் ஆறு நிரைகளில் சரியான விடையையே தருகிறது என்பதையும் நோக்குக. சம்பில் நீர் இருக்கும் நான்கு நிரைகளை மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். லாரி தவறாமல் வரும் மாதங்களில் இச்சுற்றின் குறை வெளியே தெரியாது, கோடையில்தான் தெரியும். ஆகையால் எல்லா நிரைகளையும் ஒப்பிடல் வேண்டும். சுருக்கும்போது ஒரு மாறி முற்றிலும் மறைந்தாலும் அட்டவணை குறைவதில்லை. எடுத்துக்காட்டாக, A·B + A·B' என்பது A எனச் சுருங்கும். எனினும் B-க்கும் நிரல் இட்டு நான்கு நிரைகளையும் எழுத வேண்டும்.

நிரப்பும் முறையிலும் கவனம் தேவை. முதல் நிரலைப் பார்த்துக்கொண்டே அடுத்த நிரலை எழுதினால், கை தானாகவே அதே எண்களை எழுதிவிடும். முதல் நிரலைத் தாளால் மறைத்துவிட்டு, B+C போன்ற இடைநிலை நிரலை இட்டு, இரண்டாவதைத் தனியே கணித்தல் நன்று. மாறிகள் மிகுந்தால் உழைப்பும் பெருகும்: ஐந்து மாறிகளுக்கு 32 நிரைகள், பத்து மாறிகளுக்கு 1024. அந்நிலையில் கணினி நிரல் எழுதிச் சரிபார்ப்பதே முறை.

இச்சரிபார்ப்பு சொல்லாதவையும் உண்டு. A·B·C என்னும் உறுப்பை இருமுறை பயன்படுத்தத் தயங்கிய ஒருவர் A·B + A·B'·C என்று நிறுத்தினால், அதன் நிரலும் F நிரலோடு முழுமையாக ஒத்திருக்கும். அவ்விடை பிழையன்று; ஆயினும் அது மிகச் சுருங்கிய வடிவம் அன்று. அட்டவணை சமானத்தை உறுதிசெய்யும். இன்னும் சுருக்க முடியுமா என்று சொல்லாது.

இரண்டாவது வரம்பு இதனினும் பெரியது. ஆறாம் நிரையைப் பாருங்கள்: A = 1, B = 0, C = 1. மேல்தொட்டி நீர் பாதிக்கு மேல் இருக்கிறது, காவலர் சுவிட்சை அழுத்தியிருக்கிறார், மோட்டார் ஓடுகிறது. அவர் அணைக்க மறந்தால் தொட்டி நிரம்பிய பின்னும் B = 0 ஆகவே இருக்கும்; நீர் வழிந்து சுவரில் இறங்கும். லாரிக்குப் பணம் கொடுத்து வாங்கிய நீர் அது. மூலக் கோவையும் சுருங்கிய கோவையும் இந்நிரையில் ஒத்தே போகின்றன. ஏனெனில், குறை சுருக்கத்தில் இல்லை. முதலில் எழுதிய நிபந்தனையில் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் D = 1 என நான்காம் மாறி ஒன்றைச் சேர்த்து, A·D'·(B + C) என எழுதினால் இக்குறை நீங்கும்; அட்டவணையும் 16 நிரைகளாகும். அவற்றுள் B = 1, D = 1 என வரும் நான்கு நிரைகள், தொட்டி பாதிக்குக் கீழும் இருந்து நிரம்பியும் இருப்பதாகக் கூறுபவை. மிதவை ஒன்று சிக்கிக்கொண்டாலன்றி இந்நிலை நேராது. சிக்கிக்கொண்டால், D' இருப்பதால் மோட்டார் நின்றுவிடும்.